உங்களுக்குத் தெரியுமா? சிகரெட்டை விட்டால் மாத்திரை ஏன் கூடிப்போகிறது

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் மனநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவர் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது: "அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் இந்தச் சிகரெட்தான், அதையும் பிடுங்க வேண்டாம்." சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலுக்குப் பின்னால் மூளையும் இருக்கிறது, பழைய ஆஸ்பத்திரி வழக்கமும் இருக்கிறது, கல்லீரலும் இருக்கிறது. விடுவதற்கு உதவ நினைப்பவர்கள் இவற்றில் கடைசியாக வருகிற கல்லீரலைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கொஞ்சம் பொறுத்து வருவோம்.

சென்னையில் எண்ணிப் பார்த்தார்கள்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று 20 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை 2005ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி 62 சதவீதம் வந்தது. "இது நோயோடு கூடவே வரும் குணம், மூளையே நிகோடினைக் கேட்கிறது" என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்தத் தொகுப்புக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2002ல், சென்னை அண்ணா நகரில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டி.என். சீனிவாசனும் ஆர். தாராவும் வேறொரு செய்தியை வெளியிட்டிருந்தார்கள். மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984ல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அது. அங்கே நகர்ப்புற ஆண் வெளிநோயாளிகள் 286 பேரிடம் விசாரித்தபோது, புகைப்பவர்கள் 38 சதவீதம்தான் இருந்தார்கள். மற்ற மனநோய் உள்ளவர்களைவிட இது அதிகம்தான். ஆனால் நம் நாட்டு ஆண்கள் பொதுவாகப் புகைக்கும் அளவைத் தாண்டவில்லை. எல்லாமே உயிரியல் அல்ல என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

நோய் ஒன்றே, மூளையும் ஒன்றே, சதவீதம் மட்டும் ஏன் இப்படி இறங்க வேண்டும்? இங்கே பெரும்பாலான நோயாளிகள் அம்மா அப்பாவோடோ அண்ணன் வீட்டிலோ இருக்கிறார்கள். கையில் சொந்தக் காசு கிடையாது. பெட்டிக்கடைக்குப் போக வேண்டுமென்றால் யாரிடமாவது கேட்க வேண்டும், கேட்டால் கேள்வி வரும். தனியாக வீடெடுத்து, உதவித்தொகை வாங்கி, பாக்கெட் பாக்கெட்டாக வாங்கும் நிலை மேலைநாட்டு நோயாளிக்கு இருக்கிறது. விடவே முடியாத ஒன்று என்றால் காசும் வீட்டாரும் சேர்ந்து அதை இவ்வளவு தூரம் குறைத்திருக்க முடியாது. எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப்படுவது அதனால்தான்.

மூளை கேட்பதும் பொய்யில்லை

நிகோடின் மூளைக்குள் போனதும் டோபமைன் சுரக்கிறது. மனச்சிதைவில் கவனம் சிதறும், சுற்றியிருக்கும் ஓசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். நிகோடின் சிறிது நேரத்துக்கு அதை வடிகட்டித் தருகிறது என்பதற்குச் சோதனைக்கூடச் சான்றுகள் உண்டு. மாத்திரையால் வரும் மந்தமும் உடல் இறுக்கமும் சற்றுத் தளர்ந்தாற்போலவும் இருக்கும். இவர்கள் ஒரே சிகரெட்டிலிருந்து மற்றவர்களைவிட அதிக நிகோடினை இழுத்துக்கொள்கிறார்கள் என்றும் இரத்தத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆழமாக இழுப்பார்கள், அடுத்தடுத்து இழுப்பார்கள், விரல் சுடும்வரை இழுப்பார்கள்.

ஆனால் அந்த நிம்மதியில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதால் வருவது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் தொடங்கும். முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும். இந்தப் பட்டியலையும் நோய் திரும்பும்போது வரும் அறிகுறிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. பயந்துபோய் அவர்களே கடைக்கு ஓடுவார்கள். அந்த நான்கு வாரத்தைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த 26 ஆய்வுகளை 2014ல் தொகுத்தபோது, விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தது தெரிந்தது. மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே.

கூலியாகக் கொடுத்த சிகரெட்

1960களில் அமெரிக்க மனநல ஆஸ்பத்திரிகளில் படுக்கையைச் சரிசெய்தால், குளித்தால், வேலை செய்தால் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். டோக்கனைக் கொடுத்தால் சிகரெட் வாங்கலாம். இதை ஒரு சிகிச்சை முறையாகவே எழுதியும் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் புகைக்குத் தடை வந்தபோது மனநல வார்டுகளுக்கு மட்டும் விலக்கு வாங்கப்பட்டது. நோயாளிகள் தாங்களே மருந்தாகப் புகைக்கிறார்கள் என்ற கருத்தை வளர்த்த ஆராய்ச்சிகளுக்குப் புகையிலைக் கம்பெனிகள் பணம் கொடுத்ததும், மனநல ஆஸ்பத்திரிகளுக்குச் சிகரெட் அனுப்பியதும் அந்தக் கம்பெனிகளின் சொந்த ஆவணங்களிலேயே பிறகு வெளிவந்தன.

"மாத்திரை போட்டால் ஒன்று தருகிறேன்" என்று நம் வீடுகளில் நடக்கும் பேரமும் அதே வழக்கம்தான். மாத்திரை உள்ளே போக வேண்டுமே என்ற கவலையில் செய்கிறார்கள், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சில மாத்திரைகளைப் பொறுத்தவரை அந்தச் சிகரெட்டே மாத்திரையின் ஒரு பங்கை அழித்துவிடுகிறது.

அழிப்பது நிகோடின் அல்ல, புகை

க்ளோசபின், ஒலான்சபின் என்ற இரண்டு மருந்துகளும் கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் உடைக்கப்படுகின்றன. புகையிலை எரியும்போது வரும் தாரில் இருக்கும் வேதிப்பொருட்கள் அந்த நொதியை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கின்றன. மாடியில் இருக்கும் தண்ணீர் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். புகைப்பவரின் தொட்டியில் வெளியேறும் குழாய் அகலமாகத் திறந்திருக்கிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு மருத்துவர் மேலே மாத்திரையை ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் புகை நிற்கிறது. குழாய் சில நாட்களில் சுருங்குகிறது. ஊற்றுவது மட்டும் அதே அளவு. மட்டம் ஏறுகிறது.

எல்லா மனநோய் மருந்துகளுக்கும் இப்படி ஆவதில்லை. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், அமிசல்பிரைடு, லித்தியம் எடுப்பவர்கள் சிகரெட்டை விட்டால் மருந்தளவில் பெரிய மாற்றம் தேவைப்படாது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்துவிடுங்கள். க்ளோசபின் அல்லது ஒலான்சபின் என்று இருந்தால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

சேலையூரில் ஒரு வீடு

விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொள்ளும் ஒருவர் இவர். வயது 34, சேலையூரில் அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருக்கிறார். க்ளோசபின் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். சிகரெட் இருபது. மருந்து இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 380 நானோகிராம் இருக்கிறது. 350க்கு மேல் இருந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. ஆக, சரியான இடத்தில்தான் இருக்கிறார். குரல்கள் கேட்பது அடங்கிவிட்டது.

நெஞ்சுச்சளி முற்றி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கே புகைக்க முடியாது. மனநல மாத்திரையை அப்படியே கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் அதிகமாகத் தூங்குகிறார், காய்ச்சலின் களைப்பு என்று நினைக்கிறார்கள். ஐந்தாம் நாள் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடிகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. நான்கு நாளாக மலம் கழியவில்லை. ஒரு வாரம் முடியும்போது இரத்தத்தைப் பார்த்தால் 570 வாக்கில் இருக்கும். ஏனென்றால் சிகரெட்டை நிறுத்தினால் க்ளோசபின் அளவு ஒன்றரை மடங்கு ஏறுவது வழக்கம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஏறும். 600ஐத் தாண்டினால் பக்கவிளைவுகளின் ஆபத்து கூடுகிறது. 1000ஐத் தொட்டால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. தீராத மலச்சிக்கல் க்ளோசபினில் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதையும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் இரக்கப்பட்டு ஒரு பாக்கெட் வாங்கித் தருகிறார். அடுத்த சில நாட்களில் எச்சில் நிற்கிறது, தம்பி எழுந்து உட்காருகிறார், பேசுகிறார். "பார்த்தீர்களா, சிகரெட் இல்லாமல் இவனால் முடியாது" என்று குடும்பமே முடிவுசெய்துவிடுகிறது. உண்மையில் நடந்தது வேறு. மருந்து கூடிப்போயிருந்தது, புகை அதைத் திரும்பக் கரைத்தது.

இதே கதை திட்டமிட்டு நடந்திருந்தால் எப்படிப் போயிருக்கும்? விடும் தேதிக்கு முன்பே மனநல மருத்துவரிடம் சொல்லி, முடிந்தால் அப்போதே ஒருமுறை மருந்தளவுக்கு இரத்தம் எடுத்திருப்பார்கள். விட்ட முதல் வாரத்தில் மருத்துவர் 400ஐப் படிப்படியாக 300 வாக்கில் இறக்கியிருப்பார். கால்பங்கு குறைப்பது என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டி. ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம், அதற்கேற்ப மேலும் திருத்தம். ஒலான்சபினுக்கும் ஏறக்குறைய இதே முறை. வீட்டிலேயே நாமாக மாத்திரையை உடைத்துக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது. அளவு திடீரென்று விழுந்தால் நோய் வேகமாகத் திரும்பும்.

இன்னொரு குழப்பமும் பல வீடுகளில் இருக்கிறது. "மாதாமாதம் இரத்தம் எடுக்கிறார்களே, அதில் தெரிந்திருக்காதா?" தெரியாது. க்ளோசபின் எடுப்பவர்களுக்கு முதலில் வாராவாரமும் பிறகு மாதாமாதமும் செய்வது வெள்ளணுக்களை எண்ணும் சோதனை. இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைப் பார்ப்பது தனிச் சோதனை. அது எல்லா லேப்பிலும் கிடைக்காது, முடிவு வரவும் நாளாகும். கிடைக்காத இடத்தில் தூக்கம், எச்சில், மலச்சிக்கல், தள்ளாட்டம் ஆகிய நான்கையும் தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி.

குறைக்கும்போது தெரியாது

நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட் வாக்கிலேயே அந்த நொதி கிட்டத்தட்ட உச்சத்துக்குத் தூண்டப்பட்டுவிடுகிறது. அதனால் இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கும்போது மருந்தளவில் மாற்றம் எதுவும் கண்ணுக்குப் படாது. "இவ்வளவு குறைத்தும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியத்தில் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஏற்றம் வருவது மிச்சமிருக்கும் சிகரெட்டையும் நிறுத்தும்போதுதான்.

ஹான்ஸுக்கு மாறினால்?

தடை இருந்தும் கிடைக்கிறதே என்று பீடியை விட்டு ஹான்ஸ் போடத் தொடங்குபவர்கள் உண்டு. புகையில்லாத புகையிலையில் எதுவும் எரிவதில்லை, ஆகவே அந்த நொதி தூண்டப்படுவதும் இல்லை. நிகோடின் தாராளமாக உள்ளே போகிறது, வாய்ப்புற்றுநோய் ஆபத்து சேர்கிறது, மருந்தளவோ முழுதாக விட்டவருக்கு ஏறுவதைப் போலவே ஏறுகிறது. "புகையிலையை விட்டுவிட்டாரா?" என்று கேட்டால் வீட்டில் இல்லை என்பார்கள். "எரிப்பதை விட்டுவிட்டாரா?" என்று கேட்க வேண்டும்.

டீக்கடையில் இன்னொன்று

காபியிலும் டீயிலும் உள்ள காஃபினை உடைப்பதும் அதே நொதிதான். சிகரெட்டை நிறுத்தியவருக்கு, குடிக்கும் காபி அதே அளவாக இருந்தாலும் இரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கை நடுக்கம், படபடப்பு, இரவுத் தூக்கம் கெடுவது எல்லாம் நிகோடின் இல்லாத தவிப்பு என்றே தோன்றும். விடும் வாரத்தில் காபி, டீயைப் பாதியாக்கச் சொல்வது இதற்காகத்தான். காஃபின் அதிகமானால் க்ளோசபினையும் கொஞ்சம் ஏற்றிவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் தம்மும் டீயும் கையில் சேர்ந்தே வருகிற கடைகளில் நிற்பவருக்கு, இரண்டையும் ஒன்றாகக் குறைப்பது இன்னொரு வகையிலும் சுலபம். அந்த இடத்துக்குப் போகும் தடவையே குறையும்.

தேதியை அவசரமாகக் குறிக்காதீர்கள்

புகைப்பதை நிறுத்த உதவும் வழக்கமான மையத்தில் முதல் சந்திப்பிலேயே விடும் நாளைக் குறிப்பார்கள். அன்று விட முடியாவிட்டால் பல இடங்களில் ஆதரவும் அத்தோடு நின்றுவிடும். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இது ஒத்துவருவதில்லை என்று கண்டு, இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் முறையையே மாற்றி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். மனச்சிதைவு, இருமுனை மனநோய் உள்ள 526 பேர் அதில் இருந்தார்கள். முடிவு 2019ல் வந்தது.

மனநல ஊழியர் நோயாளியின் வீட்டுக்கே போனார். அரை மணி நேரச் சந்திப்புகள், பன்னிரண்டு வரை. தேதி குறிக்கும் முன் சில சந்திப்புகள், சிகரெட் இவருக்கு என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வதற்கே போயின. சிலருக்கு அது நேரம் போக்கும் வழி, சிலருக்குக் குரல்கள் கேட்கும்போது கவனத்தைத் திருப்பும் வழி, சிலருக்கு வெளியே யாரோடாவது நின்று பேச ஒரு சாக்கு. அந்தந்த இடத்தில் வைக்க மாற்று ஒன்றைத் தேட வேண்டும். விடும் நாளுக்கு முன்பே நிகோடின் பட்டையையும் சூயிங்கத்தையும் கொடுத்து மெதுவாகக் குறைக்கவைத்தார்கள். விட்டு மறுபடி தொடங்கியவரையும் கைவிடவில்லை. சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தகவல் தந்து மருந்தளவைப் பார்க்கச் சொன்னார்கள்.

ஆறு மாதத்தில் இந்த உதவி பெற்றவர்களில் 14 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், வழக்கமான உதவி பெற்றவர்களில் 6 சதவீதம். பன்னிரண்டு மாதத்தில் 15க்கு 10 என்று இடைவெளி சுருங்கிவிட்டது, அது உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. எனக்குத் தோன்றுவது, உதவி நின்றதும் பிடியும் தளர்கிறது. நீரிழிவுக்குப் போலத் தொடர்ந்து பார்க்க வேண்டிய விஷயத்தைச் சில மாதங்களில் முடித்துவிட நினைப்பது போதாது. இந்த முறையைத் தெற்காசியக் குடும்பங்களுக்கு ஏற்பத் திருத்தி, பெங்களூரு நிம்ஹான்ஸிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சிறிய அளவில் முயன்றிருக்கிறார்கள். நம் ஊரில் பாதி வேலை வீட்டாரிடம்தான். யார் வாங்கித் தருகிறார், யார் கூடவே புகைக்கிறார் என்பதைப் பேசாமல் ஒரு அடியும் நகராது.

சூயிங்கம் மெல்லும் விதம்

2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4தான் பொருந்தும். நோயாளிகளில் பலர் இந்த வகை என்பதால், 2ஐ வாங்கி மென்றுவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கிப்போடுகிறார்கள். பட்டையைத் தோலில் ஒட்டிக்கொண்டு, தவிப்பு கிளம்பும்போது மட்டும் சூயிங்கம் எடுப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தரும்.

மெல்வதிலும் முறை உண்டு. நாலைந்து தடவை மென்றதும் நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் தெரியும். உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். வெற்றிலை மென்று பழகியவர் விடாமல் மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காபி, சோடா, பழச்சாறு குடித்துவிட்டு உடனே போட்டால் நிகோடின் வாயில் உறிஞ்சப்படாது, கால் மணி நேரமாவது போக வேண்டும்.

சூயிங்கமோ பட்டையோ மேலே சொன்ன நொதியைத் தூண்டுவதில்லை. "நிகோடின்தான் போகிறதே, மாத்திரையைக் குறைக்க வேண்டாம்" என்று கணக்குப்போடக் கூடாது.

பயந்த மாத்திரை

வேரனிக்லின் என்ற மாத்திரை சிகரெட் ஆசையைக் குறைக்கும். மனநிலையைக் கெடுக்கும் என்ற பயத்தில் மனநோயாளிகளுக்கு அதைப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2016ல் 16 நாடுகளில் 8,144 பேரிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள். அவர்களிடமும் மனநிலைப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை, விட்டவர்கள் எண்ணிக்கை வேரனிக்லினில்தான் அதிகம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கைக் கட்டத்தை நீக்கியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய் நிலையாக இருந்தவர்கள். குரல்கள் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் தொடங்குவதற்கு அது சான்று ஆகாது. புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரை வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும், ஆகவே க்ளோசபின் எடுப்பவருக்கு அதைத் தவிர்ப்பார்கள்.

எங்கே கேட்பது

2002ல் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஒன்று. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம். மனநலத்துக்கான அரசு உதவி எண் 14416. எதை அழைத்தாலும் முதல் வாக்கியத்திலேயே மனநோய் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அப்படியே எதிர்ப்பக்கத்தையும் கேட்டு வையுங்கள். மருந்தைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலேயே மறுபடி பற்றவைத்தால், ஒரு வாரத்துக்குள் மருந்தளவு சரிந்து குரல்கள் திரும்பலாம். அப்போது திட்டாமல், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, பழைய அளவுக்கு எத்தனை நாளில் ஏற்ற வேண்டும் என்று கேட்க வேண்டும்.